தேடி மாற்றுதல் வகுப்புப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கோப்பில் ஒரு சொல்லைத் தேடி வேறு சொல்லாக மாற்றுவதைப் பாதுகாப்பாகச் செய்யச் சொல்லித்தரும் சின்னப் பயிற்சி இது. நடத்தும் ஆசிரியர்களும் செய்து பார்க்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பயிற்சிக் கோப்பும் சரிபார்ப்புப் பட்டியலும் உள்ளேயே இருக்கின்றன.

மாணவர்கள் என்னதான் செய்யணும்?

கீழே உள்ள பத்து வரிகளை `thottam.txt` என்ற பெயரில் சேமித்துக் கொடுங்கள். வரி எண்கள் கோப்புக்குள் வேண்டாம், திரையில் தெரிந்தால் போதும்.

```
தோட்டத்தில் பல மரங்கள் உள்ளன.
மரத்தடியில் ஒரு பலகை கிடக்கிறது.
பலர் அதில் அமர்ந்து படிப்பார்கள்.
சில நாள் மழை பெய்யும், பல நாள் வெயில் அடிக்கும்.
பலத்த காற்றில் கிளைகள் முறியும்.
அணிலின் பல் பட்ட பழங்கள் கீழே விழும்.
கிளையில் ஒரு பலூன் சிக்கியிருக்கிறது.
பலமுறை இழுத்தும் அது வரவில்லை.
அதற்குப் பலவிதக் காரணங்கள் உண்டு; சிலவற்றை நாம் அறிவோம்.
மீதியைத் தோட்டக்காரர் சிலரிடம் கேட்டோம்.
```

கொடுக்கும் கட்டளை ஒன்றே ஒன்று: "எண்ணிக்கையைக் குறிக்கும் 'பல' எல்லாம் 'சில' ஆக வேண்டும். ஆட்களைக் குறிக்கும் 'பலர்' அப்படியே இருக்கட்டும்." வேலை முடிந்ததும் மாற்றிய கோப்பையும் நிரப்பிய பட்டியலையும் சேர்த்துத் தர வேண்டும்.

பத்தே வரிதானா? நிஜத்தில் கோப்பு நூறு பக்கம் இருக்குமே?

பத்து வரி என்றால் கண்ணாலேயே முழுதும் படித்து, சரியான விடை என்ன என்று கருவியைத் தொடுவதற்கு முன்பே தீர்மானித்துவிடலாம். அப்புறம் கருவி தரும் விடையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூறு பக்கக் கோப்பில் தவறு நடந்தாலும் அது நடந்ததே தெரியாமல் போகும், அதனால் கற்றுக்கொள்ளவும் வழியில்லை.

கோப்பு சின்னதாக இருந்தாலும் வரிகளை யோசித்துத்தான் அமைத்திருக்கிறேன். 'பல' என்ற எழுத்துத் தொடர் முதல் ஒன்பது வரிகளிலும் வரிக்கு ஒரு முறை வருகிறது, ஆக மொத்தம் 9. 'சில' ஏற்கெனவே 3 இடங்களில் இருக்கிறது. அந்த ஒன்பதில் மாற்ற வேண்டியவை 1, 4, 8, 9 ஆகிய நான்கு வரிகள், விட வேண்டியவை 2, 3, 5, 6, 7 ஆகிய ஐந்து. இந்த எண்கள் ஆசிரியர் கையில் இருக்கட்டும், மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

முதல்லயே எச்சரிச்சுடலாமா, இல்ல `Replace All` அழுத்திப் பார்க்க விடலாமா?

அழுத்த விடுங்கள். கோப்பை நகலெடுத்து, அந்த நகலில் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். 'சிலகை', 'சிலத்த', 'சிலூன்' என்று மூன்று இடங்கள் உடனே கண்ணில் உறுத்தும். "அணிலின் சில் பட்ட பழங்கள்" என்பது கொஞ்சம் தாமதமாக உறுத்தும்.

மூன்றாவது வரி மட்டும் உறுத்தவே உறுத்தாது. "சிலர் அதில் அமர்ந்து படிப்பார்கள்" என்பது எழுத்துப்பிழையோ இலக்கணப்பிழையோ இல்லாத நல்ல வாக்கியம். எழுத்துப்பிழை காட்டும் கருவியும் எதுவும் சொல்லாது. ஆனால் கட்டளைப்படி அந்த வரி மாறியிருக்கக் கூடாது. இந்தப் பயிற்சியில் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய வரி இதுதான். உடைந்த சொல்லை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள், அழகாகத் தப்பிப்போன பொருள் மாற்றம் அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

'பல'ன்னு தேடினா 'பல்', 'பலூன்' எல்லாம் ஏன் வருது? ல, ல், லூ வேற வேற எழுத்தாச்சே?

நமக்கு வேறு, கணினி சேமிக்கும் முறையில் அப்படி இல்லை. யூனிக்கோடில் 'ல்' என்பது 'ல' என்ற ஒரு குறியும் அதன் பின்னால் புள்ளி என்ற தனிக் குறியும். 'லூ' என்பது 'ல' குறியும் அதன் பின்னால் ஊகாரக் குறியும். ஆகவே 'பல்', 'பலூன்' இரண்டின் தொடக்கத்திலும் 'பல' முழுதாக உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றினால் புள்ளியும் ஊகாரக் குறியும் இருந்த இடத்திலேயே நின்று புதுச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'சில்', 'சிலூன்' வந்தது இப்படித்தான்.

சில செயலிகள் எழுத்தையும் அதன் குறியையும் ஒரே அலகாகப் பார்க்கும். உங்கள் செயலியில் தேடல் எண்ணிக்கை 9 வராமல் 7 வந்தால் அது அந்த வகை, 6, 7 வரிகளை அது பொருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டில் எது வந்தாலும் பயிற்சிக்குக் குறைவில்லை. ஆனால் பாடம் தொடங்குவதற்கு முன்பு உங்கள் செயலி எந்த வகை என்று ஒரு முறை தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்களெல்லாம் 9 காட்டும் செயலிக்கானவை.

தப்பா மாறிட்டா 'சில'வைத் திரும்ப 'பல'ன்னு மாத்திட்டா போச்சு. அதுக்கு எதுக்கு நகல்?

மாணவர்களிடம் இதையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை 9 இடங்கள் மாறின. திருப்பி மாற்றும்போது செயலி 12 இடங்கள் மாறியதாகச் சொல்லும். அந்தக் கூடுதல் மூன்றும் முன்பே 'சில' என்று சரியாக இருந்தவை. இப்போது நான்காவது வரி "பல நாள் மழை பெய்யும், பல நாள் வெயில் அடிக்கும்" என்று ஆகிவிட்டது. 'சிலவற்றை' 'பலவற்றை' ஆனது, 'சிலரிடம்' 'பலரிடம்' ஆனது.

எது முன்பிருந்தே இருந்த 'சில', எது நாம் போட்ட 'சில' என்று கோப்பு நினைவில் வைத்திருப்பதில்லை. மாற்றுச் சொல் கோப்பில் ஏற்கெனவே ஒரே ஓர் இடத்தில் இருந்தாலும், தலைகீழாக மாற்றுவது பழைய நிலைக்குக் கொண்டுபோகாது. `Ctrl+Z` உதவும், ஆனால் கோப்பை மூடித் திறந்த பிறகு பெரும்பாலும் உதவாது. நகல் ஒன்றுதான் நம்பக்கூடியது. தேடும் சொல்லோடு மாற்றுச் சொல்லையும் முன்கூட்டியே எண்ணி வைக்கும்படி பட்டியலில் கேட்பதற்கும் இதுதான் காரணம்.

முழுச் சொல் மட்டும்னு ஒரு பெட்டி இருக்கே, அதை டிக் பண்ணினா சரியாயிடாதா?

பாதி சரியாகும். அந்தத் தேர்வோடு தேடினால் 1, 4 வரிகளில் தனியாக நிற்கும் 'பல' இரண்டு மட்டும் கிடைக்க வேண்டும். பலகை, பலர், பலூன் எல்லாம் தப்பித்துவிடும். ஆனால் மாற்ற வேண்டிய 'பலமுறை', 'பலவித' இரண்டும் அவற்றோடு சேர்ந்து விடுபடும், ஏனென்றால் அங்கே 'பல' அடுத்த சொல்லோடு ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது.

தமிழில் சொற்கள் ஒட்டியும் உருபேற்றும் வருவதால் முழுச் சொல் தேர்வு எப்போதும் குறைவாகத்தான் பிடிக்கும். அது தவறாக மாற்றுவதைக் குறைக்கும், விடுபடுவதைக் கூட்டும். விடுபட்டதைக் கண்டுபிடிக்க, தேர்வை எடுத்துவிட்டு இன்னொரு முறை வெறுமனே தேடிப் பார்க்க வேண்டும்.

ரெண்டு பக்கமும் இடைவெளி வச்சுத் தேடலாமா?

இந்தக் கோப்பில் அதே இரண்டு இடங்கள்தான் கிடைக்கும். வரியின் தொடக்கத்திலோ காற்புள்ளிக்கு முன்னாலோ 'பல' வந்திருந்தால் அதுவும் விடுபட்டிருக்கும். மாற்றுப் பெட்டியிலும் இரண்டு பக்கமும் இடைவெளி விட மறந்தால் "தோட்டத்தில்சிலமரங்கள்" என்று ஒட்டிக்கொள்ளும்.

சரிபார்ப்புப் பட்டியல்ல என்னென்ன இருக்கணும்?

அச்சிட்டுக் கொடுக்கும் தாளில் இவை இருக்கட்டும். எண் எழுத வேண்டிய இடங்களை வெறுமையாக விடுங்கள்.

1. நகலில்தான் வேலை செய்கிறேன். நகலின் பெயர்: ____
2. தேடும் சொல் ____ இடங்களில் இருக்கிறது. மாற்றுச் சொல் ஏற்கெனவே ____ இடங்களில் இருக்கிறது.
3. மாற்ற வேண்டிய வரிகள்: ____ விட வேண்டிய வரிகள்: ____
4. வேலை முடிந்ததும் தேடும் சொல் ____ இடங்களிலும், மாற்றுச் சொல் ____ இடங்களிலும் இருக்க வேண்டும்.
5. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன்.
6. மறுபடி எண்ணினேன். நான்காவதில் எழுதியதோடு ஒத்துப்போகிறது.
7. மாற்றிய ஒவ்வொரு சொல்லுக்கும் முன்சொல்லையும் பின்சொல்லையும் படித்தேன்.
8. அசலோடு ஒப்பிட்டேன். மூன்றாவதில் மாற்ற வேண்டியவை என்று எழுதிய வரிகள் மட்டுமே மாறியிருக்கின்றன.

நம் கோப்புக்கு இரண்டாவதில் 9, 3 வரும். நான்காவதில் 5, 7 வரும்: ஒன்பதில் நான்கு போக ஐந்து, மூன்றோடு நான்கு சேர ஏழு. இந்த நான்காவது படியை வேலைக்கு முன்பே பேனாவால் எழுத வைப்பது மிக அவசியம் என்று நினைக்கிறேன். பிறகு எழுத விட்டால், வந்த எண்ணையே சரியான எண் என்று எழுதிவிடுவார்கள்.

அசலோட ஒப்பிடறதுன்னா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிக்கணுமா?

வேண்டாம், அதையும் கணினியே செய்யும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் `Compare Document`, வேர்டில் `Review` தாவலில் `Compare` என்று இருக்கிறது. முனையத்தில் வேலை செய்பவர்களுக்கு, நகலின் பெயர் `thottam-1.txt` என்றால், இது போதும்:

```
diff thottam.txt thottam-1.txt
```

சரியாக மாற்றியிருந்தால் `1c1`, `4c4`, `8,9c8,9` என்று மூன்று தலைப்புகள் வரும். எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்த வரிகள் என்பதால் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன, வரிக் கணக்கு நான்குதான். `3c3` என்று ஒன்று தனியாகவோ, `1,3c1,3` போல ஒரு தொகுதியின் உள்ளேயோ மூன்றாவது வரி வந்தால், மேலே சொன்ன 'சிலர்' உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

நாலு இடத்தையும் சரியா மாத்திட்டேன், எண்ணிக்கையும் 5, 7. ஆனா ஒன்பதாவது வரி தப்புங்கறீங்க?

"அதற்குப் சிலவிதக் காரணங்கள்" என்று நிற்கிறது, பாருங்கள். 'பலவித' என்பதற்காக முன்சொல்லில் வந்த 'ப்' அது. பின்சொல் 'சிலவித' ஆனதும் "அதற்குச் சிலவிதக் காரணங்கள்" என்று வல்லின மிகுதியும் மாற வேண்டும். தேடிய சொல்லுக்குள் இந்த எழுத்து இல்லை, ஆகவே கருவி அதைத் தொடாது. பட்டியலின் ஏழாவது படி இதற்காகவே இருக்கிறது.

ஒரு சின்ன உத்தி உண்டு. மாற்றி முடித்ததும் `ப் சில` என்று, நடுவில் ஓர் இடைவெளியோடு, தேடுங்கள். நம் கோப்பில் ஒன்று கிடைக்கும். அதைத் திருத்தியதும் பூஜ்யம் ஆக வேண்டும். தேடும் சொல்லும் மாற்றுச் சொல்லும் வேறு வேறு வல்லினத்தில் தொடங்கினால் இந்தத் தேடலைச் செய்தே ஆக வேண்டும். மாற்றுச் சொல் 'மிகச்சில' என்று வல்லினம் அல்லாத எழுத்தில் தொடங்கியிருந்தால், ஒற்றை அடியோடு நீக்க வேண்டியிருக்கும். பழைய சொல்லில் ஒற்று மிகாமல் இருந்து புதிய சொல்லில் மிக வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றை இந்த உத்தி பிடிக்காது, படித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பது இடம்னா ஒவ்வொண்ணா பார்க்கலாம். தொள்ளாயிரம் இடம் இருந்தா?

இடம் இடமாகப் பார்க்காமல் சொல் வடிவம் வடிவமாகப் பாருங்கள். 'பல' உள்ள சொற்கள் எத்தனை வடிவங்களில் வருகின்றன என்று முதலில் ஒரு பட்டியல் எடுக்கலாம்:

```
grep -o '[^ ]*பல[^ ]*' thottam.txt | sort | uniq -c
```

நம் கோப்பில் எட்டு வடிவங்கள் வரும். 'பல' மட்டும் இரண்டு முறை, மற்றவை ஒவ்வொரு முறை. பெரிய கோப்பிலும் இடங்கள் பெருகும் அளவுக்கு வடிவங்கள் பெருகுவதில்லை. மாற்றலாமா, விடலாமா என்று வடிவத்துக்கு ஒரு முடிவு எடுத்துக்கொண்டு, 'பலமுறை' என்பதை 'சிலமுறை' என்று நீளமான சொல்லாகவே தேடி மாற்றுங்கள். நீளமான தொடர் தற்செயலாக வேறு சொல்லுக்குள் இருக்கும் வாய்ப்பு குறைவு, அதனால் அங்கே `Replace All` அழுத்தலாம். ஒவ்வொரு முறையும் செயலி சொல்லும் எண், பட்டியலில் அந்த வடிவத்துக்கு இருந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

தனியாக நிற்கும் 'பல' மட்டும் இதிலும் ஒவ்வொன்றாகத்தான் பார்க்கப்பட வேண்டும். வாக்கியத்தைப் படிக்காமல் அதன் பொருள் தெரியாது.

`\bபல\b`ன்னு தேடினேன், சரியா நாலு இடம் கிடைச்சுது. மாத்தினா விடை தப்பு. எப்படி?

பைத்தானில் செய்திருப்பீர்கள். அங்கே `\b` என்பது சொல்லின் எல்லை. ஆனால் பைத்தானின் `re` தமிழ்ப் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. 'பல்' என்பதில் 'ல'வுக்கும் புள்ளிக்கும் நடுவே சொல் முடிந்துவிட்டதாக அது நினைக்கிறது, 'பலூன்' என்பதிலும் அப்படியே. ஆக அது பிடித்த நான்கு 1, 4, 6, 7 வரிகள். நமக்கு வேண்டிய நான்கு 1, 4, 8, 9. எண்ணிக்கை ஒத்துப்போய் இடங்கள் மாறிப்போயின. பட்டியலில் எண்ணிக்கையோடு நிற்காமல் வரி எண்களையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

ஜாவாஸ்கிரிப்டில் அதே `\b` ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டுமே சொல்லாக அறியும். அங்கே இந்தத் தேடல் எதையும் பிடிக்காது. இரண்டிலும் ஒழுங்காக வேலை செய்யும் வடிவம் இது:

```
(?<![\u0B80-\u0BFF])பல(?![\u0B80-\u0BFF])
```

முன்னாலும் பின்னாலும் தமிழ்க் குறி எதுவும் இல்லாத 'பல' என்று பொருள். 1, 4 வரிகள் மட்டும் வரும். ஒட்டி எழுதியவற்றுக்கு முழுச் சொல் கேள்விக்குச் சொன்ன அதே குறை இதற்கும் உண்டு.

கண்ணுக்கு ஒரே சொல்லாத்தான் தெரியுது, ஆனா தேடினா ஓர் இடம் கிடைக்கவே மாட்டேங்குது. ஏன்?

'தோ' போன்ற எழுத்துகளை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஓகாரத்துக்கு `U+0BCB` என்ற ஒரே குறி இருக்கிறது. அதையே ஏகாரக் கொம்பு `U+0BC7`, கால் `U+0BBE` என இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குறிக்குக் குறி ஒப்பிடும் செயலியில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். வேறு வேறு இடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கோப்புகளில் இந்தக் கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு இதையும் பயிற்சியில் சேர்க்கலாம். பத்தாவது வரியின் 'தோ'வை மட்டும் இரு குறி வடிவில் வைத்துக் கோப்பைக் கொடுங்கள். 'தோட்ட' என்று தேடினால் இரண்டு இடங்களுக்குப் பதில் ஒன்றுதான் வரும். தீர்வு, தேடுவதற்கு முன்பு நகலை முழுக்க ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது:

```python
import unicodedata
s = open('thottam-1.txt', encoding='utf-8').read()
s = unicodedata.normalize('NFC', s)
open('thottam-1.txt', 'w', encoding='utf-8').write(s)
```

இதற்குப் பிறகு `diff` செய்தால் பத்தாவது வரியும் மாறியதாகக் காட்டும், கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பயப்பட வேண்டாம், மாறியது உள்ளே இருக்கும் குறிதான். குழப்பம் வேண்டாம் என்றால் அசலின் இன்னொரு நகலையும் இப்படிச் சீராக்கி, அதோடு ஒப்பிடுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடறது?

கோப்பை விடப் பட்டியலுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவேன். பத்து வரிகளையும் கையால் தட்டிச் சரியான கோப்பைக் கொடுத்துவிட முடியும், ஆனால் முன்கணிப்பும் வரி எண்களும் யோசிக்காமல் வராது. கணிப்பு ஒன்றாகவும் முடிவு வேறாகவும் வந்து, ஏன் என்று கண்டுபிடித்து எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஒன்பதாவது வரியின் 'அதற்குச்' மட்டும் விடுபட்டிருந்தால் சிறிது குறைத்தால் போதும்.

'பல' எல்லாம் 'சில', 'சில' எல்லாம் 'பல'ன்னு ஒண்ணுக்கொண்ணு மாத்தச் சொன்னா?

நேராக இரண்டு முறை மாற்றினால், தலைகீழாக மாற்றும் கேள்வியில் பார்த்த சிக்கலே வரும்: முதல் மாற்றம் இரண்டையும் கலந்துவிடும். நடுவில் ஒரு தற்காலிகக் குறி வேண்டும். `@@` என்று வைத்துக்கொள்வோம். அது கோப்பில் எங்கும் இல்லை என்று முதலில் தேடி உறுதி செய்யுங்கள், பூஜ்யம் வர வேண்டும்.

பிறகு 1, 4, 8, 9 வரிகளின் 'பல'வை ஒவ்வொன்றாக `@@` ஆக்குங்கள். அடுத்து நான்காவது வரியின் 'சில'வையும் ஒன்பதாவது வரியின் 'சிலவற்றை'யையும் 'பல', 'பலவற்றை' ஆக்குங்கள். 'சிலரிடம்' ஆட்களைக் குறிப்பது, அதை விட்டுவிடுங்கள். கடைசியாக `@@` எல்லாவற்றையும் 'சில' ஆக்க `Replace All` அழுத்தலாம். அந்தக் குறி நாம் வைத்த இடங்களைத் தவிர வேறெங்கும் இல்லை என்பது தெரியும், செயலியும் 4 என்று சொல்ல வேண்டும். முடிவில் 'பல' 7, 'சில' 5, `@@` 0. இரண்டு சொற்களையும் கூட்டினால் தொடக்கத்தில் இருந்த அதே 12 வரும். ஒன்பதாவது வரியின் ஒற்றை இங்கேயும் கையால்தான் திருத்த வேண்டும்.